எல்லாமே முதலாவது என்று வந்தால்: பேக்லொக் வரிசையும் "முடியாது" என்ற பதிலும், அறிகுறி வாரியாக

கண்டியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் நான் புரொடக்ட் ஓனர். பேக்லொக்கை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை, எது முதலில் என்று அடுக்குவது என் பொறுப்பு. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும்போது அந்தக் கிலோவைக் கைபேசியில் பதிந்து, மாத முடிவில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டுக்கு அனுப்பும் செயலி எங்களுடையது. மூன்று டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், ஸ்பிரிண்ட் என்கிற வேலைச் சுற்று இரண்டு வாரத்துக்கு ஒன்று. கேட்பவர்களுக்குக் குறைவில்லை. தோட்ட மேனேஜரான பெரிய துரை கேட்பார், காரியாலயக் கிளாக்கர் கேட்பார், கணக்கப்பிள்ளை கேட்பார், எங்கள் கம்பனி முதலாளியும் கேட்பார். எல்லோருக்கும் "இந்த மாதமே" வேண்டும்.

நான் பட்ட கோளாறுகளைக் கண்ணில் படுகிற அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து படிக்கலாம். ஆனால் முதல் அறிகுறி சரியாகாமல் மற்றவை சரியாவதை நான் பார்த்ததில்லை.

அறிகுறி 1: பட்டியலில் பாதி "மிக அவசரம்" என்று கிடக்கிறது

டெவலப்பர் திங்கட்கிழமை காலை வந்து "அக்கா, அடுத்து எதை எடுக்க?" என்று கேட்கிறார். நீங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு யோசிக்கிறீர்கள். அந்த யோசனை பத்து விநாடியைத் தாண்டினாலே பட்டியலுக்கு வரிசை இல்லை என்று அர்த்தம். வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதிந்து வைக்கும் ஜிரா மென்பொருளில் இந்தத் தேடலைப் போட்டு எண்ணிப் பார்க்கலாம்:

```
project = KOL AND priority = Highest AND statusCategory != Done
```

`KOL` இருக்கும் இடத்தில் உங்கள் திட்டத்தின் குறியீட்டைப் போடுங்கள். எங்களிடம் முதன்முதலாக ஓட்டியபோது 14 வந்தது. ஒரு ஸ்பிரிண்டில் நாங்கள் முடிப்பதோ நான்கு அல்லது ஐந்து.

காரணம் எளிது. "அவசரம்", "நடுத்தரம்", "பிறகு" என்பவை எல்லாம் பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், யாரையும் வெளியே தள்ள வேண்டியதில்லை. அதனால்தான் கேட்பவர் சொல்கிற லேபலை நாம் தடையில்லாமல் ஒட்டிக் கொடுத்துவிடுகிறோம். வரிசை அப்படியல்ல. ஒன்றை மூன்றாவது இடத்தில் வைத்தால் அங்கே இருந்தது நான்காவதாக வேண்டும். நாங்கள் வேலை செய்யும் முறைக்குப் பெயர் ஸ்க்ரம். அதன் வழிகாட்டியின் 2011 பதிப்பில், பேக்லொக்கைப் பற்றிச் சொல்லும் இடத்தில், "முன்னுரிமைப்படுத்தப்பட்ட" என்ற சொல்லை எடுத்துவிட்டு "வரிசைப்படுத்தப்பட்ட" என்று போட்டார்கள். முதலில் வாசித்தபோது இதென்ன சொல் விளையாட்டு என்று நினைத்தேன். முன்னுரிமை கூடியது எப்போதும் முதலில் செய்ய வேண்டியதாக இருக்காது என்பது பிறகு கீழே வரும் கணக்கைப் போட்டபோதுதான் விளங்கியது.

செய்ய வேண்டியது: லேபல்களை மறந்துவிட்டு ஒரே பத்தியில் மேலிருந்து கீழாக அடுக்குங்கள். இரண்டு டிக்கெட்டை எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஸ்பிரிண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எது?" புதிதாக ஒன்று வந்தால் பட்டியலின் நடுவில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். அதைவிட மேலா, கீழா? மேல் என்றால் மேற்பாதியின் நடுவோடு. சீட்டைக் கையில் அடுக்குவது போலத்தான். நாற்பது டிக்கெட் இருந்தாலும் ஐந்தாறு ஒப்பீட்டில் அதற்கு இடம் கிடைத்துவிடும். அதோடு, நாற்பதையும் துல்லியமாக அடுக்கப் போகாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று ஸ்பிரிண்டுக்கு வேண்டியது மட்டும் கச்சிதமாக இருந்தால் போதும். அதற்குக் கீழே உள்ளது எப்படியும் மாறப் போகிறது.

வரிசை எதை வைத்து? ஒரு கணக்கு

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரே வாரத்தில் நான்கு கோரிக்கைகள் வந்தன.

கிளாக்கருக்கு, எங்கள் பதிவுகளைச் செக்ரோல் மென்பொருள் ஏற்கும் வடிவத்தில் எடுக்க வேண்டும். எங்கள் மதிப்பீடு மூன்று நாள் வேலை.

மேல் டிவிசனில் சிக்னல் இல்லை. கணக்கப்பிள்ளை கிலோவை அடித்து "சேமி" என்று தட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னால் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள், அவர் செயலியை மூடிவிடுவார், பதிவு போய்விடும். பதிவைக் கைபேசியிலேயே வைத்திருந்து, ஃபெக்டரிக்கு இறங்கியதும் அனுப்ப வேண்டும். பத்து நாள் வேலை. அதில் பாதி, ஒரே நிறுவை இரண்டு தரம் போய்ச் சேர்ந்துவிடாமல் பார்க்கிற வேலை.

கொழுந்து பறிப்பவருக்கு அன்றைய கிலோ தமிழில் ஒரு குறுஞ்செய்தியாகப் போக வேண்டும், கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்ததையும் சேர்த்து. ஐந்து நாள்.

பெரிய துரைக்கு, எல்லா டிவிசனையும் ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு. எட்டு நாள்.

இங்கே "எது முக்கியம்?" என்று கேட்டால் கதவைத் தட்டுகிறவரின் பதவிதான் பதிலாக வரும். அதனால் கேள்வியை மாற்றினேன்: இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் யாருக்கு என்ன கெடும்?

கிளாக்கர் கேட்ட எக்ஸ்போர்ட் தள்ளிப்போனால் அவர் மாதக் கடைசியில் இரண்டு இரவு உட்கார்ந்து கையால் அடிப்பார். கையால் அடித்தால் பிழை வரும். பத்தாம் திகதி சம்பளத்தில் ஒருவருக்கு ஒரு பேர், அதாவது முழு நாள் கூலி, அரைப்பேராக விழுந்தால் அன்றைக்குக் காரியாலய வாசலில் கூட்டம்தான். தாமதத்தின் விலைக்கு 10க்கு 8 கொடுத்தேன். சிக்னல் பிரச்சினையில் தினமும் பதிவு தொலைகிறது. புத்தகத்திலும் எழுதுவதால் சம்பளம் தப்பிக்கிறது, ஆனால் செயலி மேல் இருக்கும் நம்பிக்கை தப்பவில்லை. அதற்கு 9. குறுஞ்செய்திக்கு 5. டேஷ்போர்டு தள்ளிப்போனால், துரை இப்போது போலவே கிளாக்கரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார். 3.

பிறகு அந்த எண்ணை வேலை நாளால் வகுத்தேன். எக்ஸ்போர்ட் 8/3, சுமார் 2.7. குறுஞ்செய்தி 5/5, அதாவது 1. சிக்னல் 9/10, அதாவது 0.9. டேஷ்போர்டு 3/8, கிட்டத்தட்ட 0.4.

கணக்கு சொல்லும் வரிசை எக்ஸ்போர்ட், குறுஞ்செய்தி, சிக்னல், டேஷ்போர்டு. ஆனால் நான் அப்படி வைக்கவில்லை. மேல் டிவிசனில் பாதிப் பதிவு தொலையும்போது குறுஞ்செய்தியை அனுப்பினால், 22 கிலோ பறித்த பெண்ணுக்கு 13 என்று போகும். இப்போது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மெதுவாக நடக்கும் சண்டையை நாங்களே போனில் அனுப்பி வைத்தது போல ஆகிவிடும். ஆகவே சிக்னல் முதலில், குறுஞ்செய்தி அதற்குப் பிறகு. 1க்கும் 0.9க்கும் இடையிலான வித்தியாசம் நான் ஊகித்துப் போட்ட எண்களில் பிறந்தது, அதற்காக உயிரை விட வேண்டியதில்லை. வகுத்தல் பேச்சைத் தொடங்கி வைக்கும். ஒன்று மற்றொன்றின் மேல் நிற்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

இப்போது கொள்ளளவு. மூன்று பேர், பத்து நாள், முப்பது என்று காகிதத்தில் போடலாம். கடைசி மூன்று ஸ்பிரிண்டில் நாங்கள் உண்மையில் முடித்தது சராசரியாக இருபது நாள் வேலை. மீதி பழுதுபார்ப்பதிலும் கூட்டங்களிலும் போனது. இருபதுக்குள் 3, 10, 5 என்று பதினெட்டு அடங்கும். மிச்சம் இரண்டு. டேஷ்போர்டு எட்டு. உள்ளே போகாது.

இந்தக் கடைசி வரிதான் மறுப்பு. அதை எப்படிச் சொன்னேன், அதற்கு முன் எப்படிச் சொதப்பினேன் என்பது அடுத்த அறிகுறி.

அறிகுறி 2: மறுத்த பிறகும் அதே ஆள் அதே கோரிக்கையோடு வாராவாரம் வருகிறார்

முதலில் ஒன்றைச் சோதியுங்கள்: நீங்கள் உண்மையில் மறுத்தீர்களா? உங்கள் கடைசி வட்சப் செய்தியைத் திறந்து வாசியுங்கள்.

டேஷ்போர்டு பற்றித் துரை முதன்முதலாகக் கேட்டது ஃபெக்டரி காரியாலயத்தில் வைத்து. பக்கத்தில் ட்ரையர் ஓடுகிற சத்தம், கையில் பிளேன்ரீ. "இது ஒன்னும் பெரிய வேலை இல்லையே, ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்தானே?" என்றார். நான் சிரித்துக்கொண்டே "பார்க்கலாம் சேர்" என்றேன்.

நம் ஊரில் "பார்க்கலாம்" என்று சொல்கிறவருக்கு அது முடியாது. கேட்கிறவருக்கு அது சரி. கல்யாண வீட்டுக்கு வரச் சொன்னால் "பார்க்கலாம்" என்போம், வர மாட்டோம் என்று இருவருக்கும் தெரியும். அங்கே அது மரியாதை. வேலை விஷயத்தில் அதே சொல் கடன் பத்திரமாகிவிடுகிறது. மூன்று வாரம் கழித்துத் துரை போன் எடுத்தபோது தொடங்கியதே, "நீங்க ஒத்துக்கிட்டதை நான் ஹெட் ஒஃபிஸ்ல சொல்லிட்டேன்" என்றுதான். அவர்மேல் பிழையில்லை.

இந்தக் கோளாறைச் செய்யும் சொற்களை நானே பட்டியல் போட்டு மேசையில் ஒட்டி வைத்திருந்தேன்: பார்க்கலாம், முயற்சி செய்வோம், அடுத்த ரவுண்டில், டீமிடம் கேட்டுச் சொல்கிறேன். கடைசியது மோசம். மறுப்பை டெவலப்பர் தலையில் கட்டுகிறது. அடுத்த முறை கேட்டவர் நேராக டெவலப்பரிடமே போவார்.

நீக்கும் முறை மூன்று படி. மறுப்பதற்கு முன் முதல் படி கட்டாயம்.

முதல் படி, அவர் கேட்கிற பொருளுக்குப் பின்னால் என்ன தேவை இருக்கிறது என்று கேளுங்கள். "ஏன்" என்று நேராகக் கேட்டால் நம்மவர்களுக்குக் குற்றம் பிடிப்பது போல இருக்கும். "இதை முதல்ல எங்க, எப்ப பாவிக்கப் போறீங்க சேர்?" என்று கேட்டேன். பதில் உடனே வந்தது. இருபதாம் திகதி ஒரு கூட்டம். அங்கே டிவிசன் வாரியாக ஓர் ஆளுக்குச் சராசரி எத்தனை கிலோ என்று கேட்பார்கள். அவருக்கு வேண்டியது ஒரு திரையல்ல, ஒரு நாளைக்கு ஐந்து வரி உள்ள ஓர் அட்டவணை.

இரண்டாம் படி, மறுப்பைச் சொல்லி, அதே மூச்சில் எது வெளியே போகும் என்பதையும் சொல்லுங்கள். நான் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"சேர், டேஷ்போர்டு இந்த ஸ்பிரிண்ட்ல வராது. அதுக்கு எட்டு நாள் வேணும், எங்ககிட்ட மிச்சம் ரெண்டு நாள்தான் இருக்கு. அதை உள்ள எடுத்தா மேல் டிவிசன் சிக்னல் வேலை வெளிய போகும், அங்க கிலோ இன்னும் ஒரு மாசம் தொலையும். கூட்டத்துக்கு வேண்டிய அட்டவணையை டேட்டாபேஸ்ல இருந்து எடுத்து பதினெட்டாந்திகதி எக்செல்ல அனுப்புறேன். அது அரை நாள் வேலை."

கவனியுங்கள், "வராது" என்ற சொல் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. முன்னால் நிறைய சமாதானம் சொல்லிவிட்டுக் கடைசியில் மெதுவாக மறுத்தால், எதிரில் இருப்பவர் சமாதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். "மன்னிக்கணும்" என்று நான் சொல்லவில்லை. பிழை செய்தால் மன்னிப்புக் கேட்கலாம். வரிசை வைத்திருப்பது பிழையல்ல.

துரை விடவில்லை. "கிளாக்கர் வேலையை ஒரு மாசம் தள்ளிப் போடுங்களேன்" என்றார். இப்படிக் கேட்டால் நல்லது, ஏனென்றால் பேச்சு இப்போது "முடியுமா முடியாதா" என்பதிலிருந்து "எது முன்னால்" என்பதற்கு வந்துவிட்டது. எக்ஸ்போர்ட் மூன்று நாள்தான், அதை எடுத்துவிட்டாலும் மிச்சம் ஐந்து நாள்தான் ஆகும், எட்டு ஆகாது என்று எண்ணைக் காட்டினேன். சில விநாடி மௌனம். "அப்போ அந்த எக்செல்லை பதினேழாந்திகதியே தாங்க" என்றார்.

மூன்றாம் படி, அன்றைக்கே எழுதிப் போடுங்கள். நீளமாக வேண்டாம். நான்கு வரி: கேட்டது, முடிவு, காரணம், எப்போது மறுபடி பார்ப்போம். கடைசி வரி முக்கியம். "டேஷ்போர்டு, இப்போது இல்லை, ஏழாவது இடம், அடுத்த மாத ரிவியூவில் மறுபடி பார்ப்போம்" என்று இருந்தால் இடையில் அவர் போன் எடுத்தாலும் பேச ஒன்றும் இல்லை. நாள் குறித்துவிட்டால் அந்த நாளில் நீங்களே எடுத்துப் பேச வேண்டும். மறந்தீர்கள் என்றால் "பார்க்கலாம்" என்று சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு துரை டேஷ்போர்டைக் கைவிடவில்லை. ஆனால் கேட்பது மாறியது: நேற்றைய கிலோவையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டுமாம். அது இரண்டரை நாள் வேலை. அடுத்த ஸ்பிரிண்டிலேயே போனது.

அறிகுறி 3: அதே கோரிக்கை, ஆனால் வேறு வேறு வாயிலிருந்து

இது பார்ப்பதற்கு முந்தையது போலவே இருக்கும். மருந்து நேரெதிர். ஒரே ஆள் ஐந்து தரம் கேட்டால் உங்கள் பதில் தெளிவில்லை. ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர் கேட்டால் உங்கள் வரிசை பிழை.

குறுஞ்செய்திக்கு நான் முதலில் கொடுத்தது 5 இல்லை, 2. "கணக்கப்பிள்ளை வாயால் சொல்கிறாரே, போதாதா" என்று நினைத்தேன். இரண்டு வேறு தோட்டங்களிலிருந்து அதே கோரிக்கை வந்தது. பிறகு ஒரு நாள் மத்தியான நிறுவைக்கு நேரில் போய் நின்றேன். ஒரு அம்மா தன் கிலோவைக் கேட்டுக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த பிஸ்கட் பெட்டி மட்டையை எடுத்து, அதில் பென்சிலால் எழுதி மறுபடி செருகிக்கொண்டார். காலை நிறுவை எண்ணும் அதிலே இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் எண்ணும் அதிலேயே, அவருக்கு எழுத வராதாம்.

மக்கள் தாங்களே ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தால், அந்தத் தேவை கற்பனையில்லை. மட்டை, சொந்த எக்செல், வட்சப்பில் திரையைப் படம் பிடித்து அனுப்புவது, எல்லாம் இந்த வகைதான். அன்றைக்கு மாலையே எண்ணை 5 ஆக்கினேன். முன்னர் மறுத்தவர்களுக்கு போன் எடுத்து, "நான் தப்பா வச்சிருந்தேன், மேல ஏத்திட்டேன்" என்று சொன்னேன். இதைச் சொன்ன பிறகு என் அடுத்த மறுப்பை அவர்கள் கொஞ்சம் இலகுவாக ஏற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றியது.

அறிகுறி 4: ஸ்பிரிண்ட் முடிகிறது, எடுத்த வேலை முடியவில்லை, ஆனால் எல்லோரும் களைத்துப் போயிருக்கிறார்கள்

பக்கக் கதவு திறந்திருக்கிறது. ஜிராவின் ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டில், ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு உள்ளே வந்த டிக்கெட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். எண்ணுங்கள். அதிலும் அகப்படாதது, டிக்கெட்டே இல்லாமல் நடந்த வேலை. டெவலப்பர்கள் நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் கமிட் செய்தியில் டிக்கெட் எண் போடுகிற பழக்கம் இருந்தால் அதைப் பிடிக்கலாம்:

```
git log --since="2 weeks ago" --oneline --no-merges | grep -vE "KOL-[0-9]+"
```

எண் இல்லாத கமிட்டுகள் மட்டும் வரும். எங்களுக்கு வந்தது ஒன்பது. எல்லாம் ஒரே தம்பியுடையவை.

அந்தத் தம்பி பொகவந்தலாவைப் பக்கம். தோட்டத்துச் சின்ன துரை அவர் படித்த பாடசாலையில் அவருக்கு மூத்த மாணவர். இரவு வட்சப்பில் "தம்பி, இந்தப் பட்டனை மட்டும் மாத்தி விடேன்" என்று வரும். மலையகம் சின்ன இடம். யாரோ யாருக்கோ அண்ணன், மச்சான், பாடசாலைத் தோழன். தம்பிக்கு அதை மறுக்க எந்த வழியும் இருக்கவில்லை. மறுத்தால் அடுத்த திருவிழாவில் முகம் பார்க்க வேண்டுமே.

அவரைத் திட்டினால் கமிட்டில் பொய் எண் போடுவார், அவ்வளவுதான். நான் அவருக்கு ஒரு வாக்கியம் கொடுத்தேன்: "அண்ணே, எனக்குப் பிரச்சினையில்லை, லிஸ்ட்ல இல்லாம தொட்டா அக்கா என்னைப் பிடிப்பாங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க." கெட்டவள் பாத்திரம் எனக்கு. அது புரொடக்ட் ஓனருக்குப் பொருந்துகிற பாத்திரம்தான், பட்டியலை மாற்ற விரும்புகிறவர் யாராயிருந்தாலும் அவரைத்தான் சம்மதிக்க வைக்க வேண்டும் என்பது ஸ்க்ரமின் விதி. பிறகு சின்ன துரைக்கு நானே பேசினேன். பட்டனைப் பற்றியல்ல. அவருடைய கோரிக்கைகள் எந்த வழியாக வந்தால் எத்தனை நாளில் பதில் கிடைக்கும் என்று சொன்னேன்: இரண்டு வேலை நாளுக்குள் ஆம் அல்லது இல்லை. இந்த வாக்கைக் காப்பாற்றாவிட்டால் பக்கக் கதவு மறுபடி திறக்கும். மக்கள் பக்கக் கதவைத் தேடுவது பெரும்பாலும் முன்கதவில் யாரும் பதில் சொல்லாததால்தான்.

உண்மையான அவசரம் வரும். அதற்கு முன்கூட்டியே ஒரு கோடு போட்டு வையுங்கள். எங்கள் கோடு இரண்டு: சம்பளக் கணக்கு பிழையாகிறது, அல்லது பதிவு தொலைகிறது. இந்த இரண்டும் ஸ்பிரிண்ட் நடுவிலும் உள்ளே வரும், அதற்குச் சமமான ஒன்று வெளியே போகும். மற்றது எதுவும் இரண்டு வாரத்துக்குள் செத்துப் போகாது.

அறிகுறி 5: பட்டியல் 200ஐத் தாண்டிவிட்டது

மறுக்கத் தைரியமில்லாமல் "பட்டியலில் போட்டு வைக்கிறேன்" என்று சொன்னதெல்லாம் அங்கே படுத்திருக்கிறது. பாருங்கள்:

```
project = KOL AND statusCategory != Done AND sprint is EMPTY AND created <= -180d ORDER BY Rank ASC
```

ஆறு மாதம் எந்த ஸ்பிரிண்டுக்கும் போகாதது வருகிறது. கேட்டவருக்கு "இதை மூடுகிறேன், இன்னும் தேவையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு மூடுங்கள். எங்களிடம் 90க்கு மேல் மூடினேன், நான்கு பேர்தான் பதில் போட்டார்கள். உண்மையில் தேவையானது திரும்பி வரும்.

அறிகுறி 6: நீங்கள் அடுக்கிய வரிசையை மேலே இருப்பவர் மாற்றிவிடுகிறார்

துரையை மறுத்தாயிற்று. அவர் எங்கள் முதலாளியைக் கூப்பிடுகிறார். முதலாளி போனிலேயே ஒப்புக்கொள்கிறார். உங்களுக்கு அது மாலையில் தெரிய வருகிறது.

ஒரு தரம் நடந்தால் அது தகவல் குறைபாடு. முதலாளிக்கு என்ன வெளியே போகும் என்று தெரியாது, நாம் சொல்லவில்லை. அதனால் இப்போது ஸ்பிரிண்ட் தொடங்கும் நாளன்றே மேலே உள்ள ஏழு டிக்கெட்டையும், வேண்டாம் என்று வைத்த மூன்றையும் ஒரு பக்கத்தில் அவருக்கு அனுப்பிவிடுகிறேன். யார் போன் எடுத்தாலும் அவர் கையில் அந்தப் பக்கம் இருக்கும்.

தொடர்ந்து மூன்று ஸ்பிரிண்ட் நடந்தால் இந்த வழிமுறையில் அதற்கு மருந்தில்லை. உங்கள் பெயர்தான் புரொடக்ட் ஓனர், வரிசை வைப்பவர் முதலாளி. புரொடக்ட் ஓனர் ஒரு குழுவல்ல, ஓர் ஆள், அவர் முடிவை நிறுவனம் மதிக்க வேண்டும் என்பது ஸ்க்ரமில் எழுதியிருக்கிறது. அது எழுதியிருப்பதால் முதலாளி மாறிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அதை வெளிப்படையாக ஆக்கலாம். அவரே வந்து அடுக்கட்டும். நீங்கள் கணக்கை எடுத்து வையுங்கள்.

நான் அப்படிச் செய்தேன். முதலாளியை உட்கார வைத்து, திரையில் பட்டியலைத் திறந்து, "சேர், நீங்களே இழுத்து வைங்க" என்றேன். டேஷ்போர்டைப் பிடித்து ஏழிலிருந்து முதலாவதுக்கு இழுத்தார். எக்ஸ்போர்ட் இரண்டாவதுக்கு இறங்கியது, சிக்னல் மூன்றாவதுக்கு, இருபது நாள் கோட்டுக்குக் கீழே. "இது கீழே போகுது?" என்றார். "ஆமா சேர். மேல் டிவிசன் கணக்கப்பிள்ளைக்குச் சொல்லணும், இந்த மாசமும் வராதுன்னு." "சரி, சொல்லிடு." நான் கணக்கப்பிள்ளையின் நம்பரை எடுத்து, போனை முதலாளி பக்கம் நீட்டினேன். அவர் போனைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். பிறகு மவுஸைப் பிடித்து டேஷ்போர்டை மெதுவாகக் கீழே இழுக்கத் தொடங்கினார்.